வளர்ச்சி வரைபடமும் பருவக் குறிகளும்: பெற்றோருக்கான தமிழாக்கம்

மொன்றியல் நகரில் கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் முதலிய பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்த் தாய் ஒருத்தி, தன் குழந்தையை எடை பார்ப்பதற்காக சி.எல்.எஸ்.சி. என்னும் வட்டாரச் சுகாதார நிலையத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ தூக்கிச் சென்று திரும்பும்போது, அவள் கையில் பெரும்பாலும் இருப்பது பிரெஞ்சு மொழியில் அச்சிட்ட ஒரு தாளும், அதில் இடமிருந்து வலமாக ஏறிச் செல்லும் சில வளைகோடுகளும், அவற்றினிடையே பேனாவினால் இட்ட சில புள்ளிகளும், ஓரத்தில் எழுதிய ஓர் எண்ணுமே ஆகும். அந்த எண் 15 என்று இருந்துவிட்டால், அன்றிரவே அது தொலைபேசி வழியாக யாழ்ப்பாணத்திலிருக்கும் பாட்டியின் காதுக்குப் போய்விடுகிறது. நூற்றுக்குப் பதினைந்து என்பது நம்மவர் அறிந்தவரையில் பரீட்சையில் தவறிய பிள்ளை வாங்கும் புள்ளி. ஆகவே மறுநாள் முதல் புட்டிப்பாலில் கரண்டி கூடுகிறது. வாய் திறக்க மறுக்கும் சிசுவுக்கு வலிந்து ஊட்டுதல் ஆரம்பமாகிறது. தாய்ப்பால் போதவில்லை என்ற தீர்ப்பும் வீட்டிலேயே வழங்கப்பட்டுவிடுகிறது. குழந்தையோ முற்றும் சுகமாக இருந்திருக்கும்.

இந்த அத்தியாயம் அந்த எண்ணையும், அதனோடு சேர்ந்து வரும் பருவக் குறிகளையும் பெற்றோருக்குத் தமிழில் எவ்வாறு எழுதிக் கொடுப்பது என்பதைப் பற்றியது. ஆறுதலும் துல்லியமும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. விஷயத்தைச் சரியாகச் சொன்னால் பாதிப் பயம் தானே நீங்கிவிடும். எஞ்சிய பாதி, பயப்படுவதற்குக் காரணம் உண்மையாகவே உள்ள இடத்தில், தாயை உரிய காலத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.

முதலில் வரைபடம் எதைச் சொல்கிறது என்பதை மொழிபெயர்ப்பவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கனடாவில் இன்று பயன்படுவது, உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவைகளைத் தழுவி, கனடியக் குழந்தை மருத்துவர் சங்கமும் உணவியலாளர், குடும்ப மருத்துவர், சமூகச் செவிலியர் ஆகியோரின் அமைப்புகளும் 2010-இல் ஏற்றுக்கொண்ட வரைபடத் தொகுதியாகும். அதில் பையன்களுக்கு ஒன்றும் பெண் குழந்தைகளுக்கு ஒன்றுமாகத் தனித்தனித் தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 3, 15, 50, 85, 97 என்று எண்ணிட்ட ஐந்து பிரதான வளைகோடுகளைக் காணலாம். இந்த எண்கள் மதிப்பெண்களும் அல்ல, வளர்ச்சியின் சதவீதமும் அல்ல. ஒரே வயதுடைய ஆரோக்கியமான 100 பெண் குழந்தைகளை எடையின்படி வரிசையாக நிறுத்துவதாகக் கற்பனை செய்தால், 15 என்ற கோட்டில் நிற்கும் குழந்தையைவிட எடை குறைந்தவர்கள் ஏறக்குறைய 15 பேர், எடை கூடியவர்கள் ஏறக்குறைய 85 பேர் என்பதே அதன் பொருள். வரிசையில் நிற்கும் நூறு பேருமே ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்கலாகாது. நூறு பேர் இருந்தால் அவர்களுள் ஒருவர் பதினைந்தாவதாக நின்றே ஆக வேண்டும்.

இதைச் சொல்லவே நூற்றுமானம் என்ற பாடநூற் சொல் இருக்கிறது. வரைபடத்தின் தலைப்பிலும் மருத்துவருக்கான குறிப்பிலும் அதை வைப்பது முறையே. ஆனால் பெற்றோர் வாசிக்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லை மட்டும் வைத்துவிட்டு நகர்வது நம் கடமையைக் கழிப்பதாகாது. கணிதம் படித்து மறந்தவருக்கு அது சதவீதமாகவே ஒலிக்கும். படிக்காதவருக்கு ஒலியாகக்கூட நிற்காது. "உங்கள் மகளின் வளர்ச்சி 15 சதவீதம்" என்று எழுதப்பட்ட தாள்களை நான் கண்டிருக்கிறேன். 85 பங்கு வளர்ச்சி இன்னும் பாக்கி என்றுதான் எந்தத் தாயும் அதை வாசிப்பாள். அதற்கு மாறாகப் பின்வருமாறு எழுதலாம்: "உங்கள் மகளின் வயதிலுள்ள ஆரோக்கியமான 100 பெண் குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால், ஏறக்குறைய 15 பேர் இவளைவிட எடை குறைந்தவர்களாக இருப்பார்கள். இது மதிப்பெண் அன்று. அந்த வரிசையில் இவள் நிற்கும் இடம். அந்த இடம் எது என்பதைவிட, மாதந்தோறும் இவள் தன் கோட்டையொட்டி ஏறி வருகிறாளா என்பதே முக்கியம்." மூலத்தில் நான்கு சொற்களாக இருந்தது இங்கே நான்கு வாக்கியங்களாகிறது. இடம் போதாது என்று பதிப்பிப்போர் முறையிட்டால், வேறெதையாவது குறைக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். இந்த நான்கைக் குறைக்கலாகாது.

கடைசி வாக்கியம் ஏன் அவசியம் என்பதற்கு ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். இரண்டு பெண் குழந்தைகள். இருவருக்கும் ஒன்பது மாதம் நிறைந்திருக்கிறது. இருவர் எடையும் 7.3 கிலோ. வரைபடத்தில் இருவர் புள்ளியும் 15 என்ற கோட்டின்மேல் ஒரே இடத்தில் விழும். முதற் குழந்தை பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். இரண்டு மாதத்தில் 4.5, நான்கு மாதத்தில் 5.6, ஆறு மாதத்தில் 6.4, இப்போது 7.3. இந்தப் புள்ளிகளை இணைத்தால் அவை தொடக்கமுதல் 15 என்ற கோட்டின்மீதே ஊர்ந்து வருவதைக் காணலாம். இவள் சிறுகூடான உடல்வாகு உடையவள். தன் வழியில் தவறாமல் வளர்கிறாள். இரண்டாவது குழந்தை இரண்டு மாதத்தில் 5.9 கிலோ இருந்து 85 என்ற கோட்டைத் தொட்டிருந்தாள்; ஆறு மாதத்தில் 7.3 ஆகி நடுக்கோடாகிய 50-இல் நின்றாள். ஒன்பது மாதத்திலும் அதே 7.3. மூன்று மாதம் எடை ஏறவே இல்லை. புள்ளிகள் இரண்டு பிரதான கோடுகளைக் கடந்து கீழே இறங்கிவிட்டன. இவளை மருத்துவர் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்: உணவு எப்படி, நோய் ஏதேனும் வந்ததா, எடை சரியாகப் பார்க்கப்பட்டதா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும்.

இப்போது "15-ஆம் இடம் இயல்பானதே, கவலை வேண்டாம்" என்ற ஒரு வரியை இருவீட்டாருக்கும் கொடுத்துவிட்டோமென்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் அது உண்மை. இரண்டாவது வீட்டில் அது ஆபத்து. ஆகவேதான் ஆறுதலை எண்ணின்மீது ஏற்றாமல், கோட்டின் போக்கின்மீது ஏற்றிச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். இதற்கும் ஓர் எல்லை உண்டு. முதல் இரண்டு வயதுக்குள் எத்தனையோ குழந்தைகள், தாய் தந்தையரின் உடலமைப்புக்கேற்ற கோட்டைத் தேடிச் சிறிது மேலோ கீழோ நகர்வது சகஜம். ஒரு கோட்டைக் கடந்த மாத்திரத்தில் நோய் என்று சொல்லுவதற்கில்லை. மேலும், ஒரு முறை உடுப்போடும் ஈரத் துணியோடும், மறுமுறை வெற்றுடம்போடும் நிறுத்தால் எண் தானே மாறும். ஆதலால் தமிழ் வாக்கியம் "மருத்துவரிடம் கேளுங்கள்" என்ற அளவில் நிற்க வேண்டுமே ஒழிய, "நோயின் அறிகுறி" என்ற அளவுக்குப் போகலாகாது.

நம் வாசகரில் பலருக்கு இன்னொரு வரைபடம் முன்பே பழக்கமானது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கம் கொடுக்கும் பதிவேட்டில் வளர்ச்சி வரைபடம் உண்டு; குடும்பநல மருத்துவமாது மாதந்தோறும் அதில் புள்ளி இடுவாள். அது நிறப் பட்டைகளால் ஆனது. பச்சையில் இருந்தால் நலம், சிவப்புக்கு இறங்கினால் அபாயம், இடையில் எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ மாவு கிடைக்கும். அந்த நிறங்களைப் பார்த்து வளர்ந்த தாய்க்கு, மொன்றியல் தாளிலுள்ள நிறமற்ற கோடுகளில் எது பச்சை எது சிவப்பு என்பதே முதற் சந்தேகமாக எழும். இரண்டு வரைபடங்களும் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அதே அளவைகளிலிருந்தே வந்தவை. கோடுகளுக்குப் பெயரிடும் முறைதான் வேறு. இங்கே 3 என்று எண்ணிட்ட கீழ்க்கோடு, அங்கே எடைக்குறைவு தொடங்கும் எல்லைக்கு மிக அருகில் விழுகிறது. "இலங்கைப் பதிவேட்டில் பச்சைக்குக் கீழே என்று கேள்விப்பட்ட இடம், இந்தத் தாளில் ஏறத்தாழ 3 என்ற கோட்டுக்குக் கீழே உள்ள இடம்" என்று ஒரு குறிப்பை மருத்துவக் குழுவின் சம்மதத்தோடு சேர்த்துவிட்டால், 15-ஐக் கண்டு நடுங்கும் தாய் அதே கணத்தில் தெளிவடைகிறாள்.

"இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது" என்பது அடிக்கடி கேட்கும் மற்றொரு வாதம். அதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. முன்பு வழங்கிய அமெரிக்க வரைபடங்கள் அந்நாட்டுக் குழந்தைகளை, அதிலும் புட்டிப்பால் குடித்த பலரைக் கொண்டு வரையப்பட்டவை. அவற்றின்மேல் தாய்ப்பால் குழந்தையின் புள்ளிகளை இட்டால், சில மாதங்களுக்குப் பின் குழந்தை பின்வாங்குவதுபோலத் தோன்றும். இன்றைய அளவைகளுக்கு அடிப்படையாக 1997 முதல் 2003 வரை நடந்த ஆய்வு இக்குறையைப் போக்கியது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அது அளந்தது. இந்தியாவில் அளக்கப்பட்டவர்கள் தென் டெல்லிக் குழந்தைகள். தாய் புகைபிடிக்காதிருப்பதும் தாய்ப்பால் புகட்டுவதும் நிபந்தனைகளாக வைக்கப்பட்டன. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்த இடத்தில் சிறு குழந்தைகள் எந்தத் தேசத்திலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே வளர்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. இந்தச் செய்தியை இரண்டு வரியில் சேர்ப்பது, வரைபடத்தையே நம்பாமல் புறக்கணிக்கும் தந்தையருக்கு உதவும். அவர்களும் நம் வாசகர்களே.

எண்களையும் வயதையும் பற்றி மூன்று நுட்பங்கள் உண்டு. மூன்றும் சிறியவை போலத் தோன்றினாலும், அவற்றால் விளையும் பிழை பெரிது.

"ஒன்பதாம் மாதம்" என்று நாம் சொன்னால், எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வரைபடத்தில் 9 என்று இருப்பதோ ஒன்பது மாதம் நிறைவடைந்த நாள். ஆகவே "9 மாதம் நிறைந்ததும்" என்றே எங்கும் எழுத வேண்டும். எட்டு மாதம் முடிந்த குழந்தையின் எடையை 9 என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரு மாத வளர்ச்சி குறைந்ததாகவே தோன்றும். சிசுப் பருவத்தில் ஒரு மாதம் அற்பமன்று.

பிரெஞ்சுத் தாளில் எடை 7,3 என்று காற்புள்ளியுடன் இருக்கும். தமிழில் அதை 7.3 என்று புள்ளியாக மாற்றி, அலகைக் கிலோ என்று எழுத்தில் குறிக்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அதாவது 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தது, வரைபடத்திலும் பருவக் குறிகளிலும் திருத்திய வயதின்படி பார்க்கப்பட வேண்டும். வழக்கமாக இரண்டு வயது வரை இப்படிச் செய்வார்கள். 33 வாரத்தில் பிறந்த குழந்தை நாற்பதுக்கு ஏழு வாரம் குறைவு. பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தால், வளர்ச்சியைப் பார்ப்பதற்கு அதன் வயது ஏழரை மாதத்துக்கும் குறைவு. "திருத்திய வயது" என்று மட்டும் எழுதினால், பிறப்புச் சான்றிதழில் தேதியைத் திருத்துகிறார்களோ என்று அஞ்சியவர்களும் உண்டு. "பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடும் வயது" என்று விரித்து எழுதினால் தெளிவாக விளங்கும்.

இனிப் பருவக் குறிகளுக்கு வருவோம். நம் மரபில் குழந்தையின் பருவங்களுக்கு மாதக் கணக்கு வைத்துப் பார்ப்பது புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கணங்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்றும் வகுத்து வைத்தன. அதனால் தவழ்தல், தளர்நடை, கைகொட்டுதல் முதலியவற்றுக்குச் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. குப்புறக் கவிழ்வதைத் தமிழ்நாட்டார் "குப்புற விழுதல்" என்பார்கள். யாழ்ப்பாணத்தார் "உடம்பு பிரட்டுதல்" என்பார்கள். மொன்றியலில் பெரும்பான்மையான தமிழ்க் குடும்பங்கள் ஈழத்திலிருந்து வந்தவையாதலால் இரண்டையும் அருகருகே தருவது நல்லது.

கஷ்டம் சொற்களில் இல்லை; வினைமுற்றில் இருக்கிறது. "12 மாதத்தில் குழந்தை நடக்கும்" என்று எழுதினால் அது வாக்குறுதியாகிறது. "நடக்க வேண்டும்" என்று எழுதினால் கட்டளையாகிறது. இரண்டும் பொய். மேலே சொன்ன ஆய்வின் ஒரு பகுதியாக, ஐந்து நாடுகளில் நோயற்ற குழந்தைகள் ஆறு அசைவுகளை எப்பொழுது செய்யத் தொடங்குகிறார்கள் என்று கவனித்துக் குறித்தார்கள். பிடிமானமின்றி உட்கார்வது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குச் சற்று மேல் வரை விரிந்து கிடந்தது. தானே நடப்பது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 17½ மாதம் வரை. இவர்கள் அனைவரும் சுகமான குழந்தைகள். பத்தாம் மாதத்தில் நடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும், பதினாறாம் மாதத்தில் நடந்த நம் பிள்ளையும் இந்த வரம்புக்குள்ளேதான் இருக்கிறார்கள். அது மட்டுமன்று, கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலே நிற்கவும் நடக்கவும் சென்ற குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமாக இருந்தார்கள். "தவழாத பிள்ளைக்குப் பின்னால் புத்தி குறையும்" என்று சொல்லித் தாயை வருத்தும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழியாக இந்த ஒரு செய்தியைத் தாளில் சேர்ப்பது தகும்.

ஆகவே பருவக் குறியை ஒரு நாளாக எழுதாமல் ஒரு கால வெளியாக எழுதி, அதன் கடைசி எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: "குழந்தைகள் 8 மாதம் நிறைந்தது முதல் 18 மாதத்துக்குள் ஏதோ ஒரு நாளில் பிடிக்காமல் நடக்கத் தொடங்குகின்றன. 18 மாதம் நிறைந்தும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்." இரண்டாவது வாக்கியம் கடுமையாக இருக்கிறது என்று நீக்கிவிடுவோர் உண்டு. அது தாய்க்குச் செய்யும் துரோகம். அதைவிடவும் தவிர்க்க முடியாத எச்சரிக்கை ஒன்று இருக்கிறது: முன்பு பேசிய சொல்லைப் பேசாமல், முன்பு செய்த செயலைச் செய்யாமல் குழந்தை பின்னடைந்தால், எந்த வயதாக இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும். இதற்குக் கால வெளி கிடையாது. ஆதலால் இதை மற்றக் குறிகளின் வரிசையில் கலக்காமல் தனிப் பத்தியாக நிறுத்த வேண்டும்.

கேபெக் அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு முதல், முந்திச் செயற்படுதல் என்று பொருள்படும் "அஜீர் தோ" என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. 18 மாதத் தடுப்பூசியை ஒட்டிக் குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிய வினாத்தாள் ஒன்றைப் பெற்றோர் நிரப்புவது அதன் ஓர் அங்கம். வினாத்தாளை மொழிபெயர்ப்பது அறிவுரைத் தாளை மொழிபெயர்ப்பதைவிட நுட்பமானது. ஏனெனில் அறிவுரைத் தாளில் நேர்ந்த பிழை மனத்தை வருத்தும், வினாத்தாளில் நேர்ந்த பிழையோ விடையையே மாற்றிவிடும்.

சுட்டிக் காட்டுதல் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். குழந்தை விரலை நீட்டுவது இரு விதம். அலமாரியின்மேல் இருக்கும் பிஸ்கோத்துக்காக நீட்டுவது ஒன்று. அது வேண்டும் என்று கேட்பது. வீதியில் பனி வாரிச் செல்லும் வண்டியைக் கண்டு, "அந்தா பார்" என்பதுபோல விரலை நீட்டி, உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்ப்பது மற்றொன்று. தான் கண்டதைத் தாயும் காண வேண்டும் என்று அழைப்பது. மருத்துவர் விசேஷமாக அறிய விரும்புவது இரண்டாவதையே. பேச்சும் பழகும் இயல்பும் அதனோடு நெருங்கிய தொடர்புடையவை. "உங்கள் குழந்தை விரலால் சுட்டிக்காட்டுமா?" என்று பொதுவாக எழுதினால், பிஸ்கோத்தை நினைத்துக்கொண்டு தாய் "ஆம்" என்று எழுதிவிடுவாள். "வேண்டும் என்று கேட்பதற்காக அல்லாமல், தான் கண்ட ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காக விரலை நீட்டி, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதுண்டா?" என்று எழுதினால்தான் வினா தன் வேலையைச் செய்யும்.

கரண்டியால் உண்பதைப் பற்றிய வினா வேறு விதமான சிக்கலை உண்டாக்குகிறது. நம் வீடுகளில் பிசைந்த சோற்றைத் தாய் கையால் ஊட்டுவது இரண்டு வயதுக்கு மேலும் தொடரும். குழந்தை கரண்டியைத் தொட்டே இராது. "செய்யவில்லை" என்ற விடை, இயலாமையையும் வாய்ப்பின்மையையும் ஒன்றாகக் காட்டிவிடும். இங்கே மொழிபெயர்ப்பவர் தாமாகக் கரண்டியை நீக்கிக் கையை வைத்துவிடக் கூடாது. அது மருத்துவரின் அளவுகோலை மாற்றுவதாகும். வினாவை அப்படியே வைத்து, "முயல வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்ற விடைக்கு இடம் வேண்டும் என்று சுகாதாரக் குழுவுக்கு எழுதித் தெரிவிப்பதே முறை.

பேச்சைப் பற்றிய பகுதியில் மொன்றியல் குடும்பங்களுக்கென்றே தெளிவாக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், பகற்காப்பகத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையில் வளரும் குழந்தைக்குச் சொற்களை எண்ணும்போது எல்லா மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். "பால்" என்ற தமிழ்ச் சொல்லும், அதே பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லும் இரண்டு சொற்களே. "பிஸ்கத்" என்பதைப் "பிக்" என்று சொன்னாலும், அதே பொருளுக்கு எப்போதும் அதையே சொன்னால் அதுவும் சொல்தான். இந்த விளக்கம் வினாவின் கீழேயே இருக்க வேண்டும்; கடைசிப் பக்கத்தில் இருந்தால் யாரும் காணமாட்டார்கள். பல மொழிகள் கேட்பதனால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல், பேச்சுத் தாமதம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். தாய் தனக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையோடு குறைவாகப் பேசத் தொடங்குகிறாள். அதனால் நஷ்டம்தான் மிகுதி.

"தாமதம்" என்ற சொல்லும் எண்ணிக் கையாளத் தக்கது. மூலத்தில் வளர்ச்சித் தாமதம் என்று வரும் இடத்தில் "மந்தம்", "மூளை வளர்ச்சி குன்றியது" என்றெல்லாம் பழைய அகராதிச் சொற்களை இடுவது கொடுமை. அவை முடிந்த தீர்ப்புகள். வினாத்தாள் தீர்ப்புச் சொல்லுவதில்லை. மேலும் கூர்ந்து பார்க்க வேண்டியவர் யார் என்று பிரித்துக் காட்டுகிறதே அன்றி, நோயை நிர்ணயிப்பதில்லை. "இந்த விடைகளின்படி உங்கள் குழந்தையின் பேச்சை இன்னும் விரிவாகப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது. குறை உண்டு என்று இதனால் முடிவாகவில்லை" என்று எழுதினால் உண்மையும் கெடாது, தாயின் உள்ளமும் உடையாது.

ஆறுதல் சொல்லும் வாக்கியங்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு நியதி கைக்கொள்வது நலம். "பயப்பட வேண்டாம்" என்று தொடங்கும் பத்தியில் பின்னால் வரும் எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை. வாசித்தாலும் முதற் சொல்லே மனத்தில் நிற்கும். ஆதலால் காரணமில்லாத ஆறுதலைத் தவிர்த்து, அந்த இடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை வைக்க வேண்டும்: மறுபடி எடை பார்ப்பது எப்போது, எந்த நிலையத்தில், பார்ப்பவர் செவிலியரா மருத்துவரா, தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் சந்திப்பைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும் என்பது, இடையில் சந்தேகம் எழுந்தால் இரவிலும் பகலிலும் 811 என்ற எண்ணை அழைத்துச் செவிலியரிடம் பேசலாம் என்பது. தெரியாத நாட்டில் தெரியாத மொழியில் தாளை ஏந்தி நிற்பவளுக்கு, யாரிடம் போவது என்று தெரிவதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

தாள் முடிந்தபின் அதைச் சோதிக்க, மருத்துவமும் மொழிபெயர்ப்பும் அறியாத இரண்டு மூன்று தாய்மாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். "விளங்கிற்றா?" என்று கேட்பதில் பயன் இல்லை, மரியாதைக்காக எல்லோரும் விளங்கிற்று என்பார்கள். தாளை வாங்கி மூடி வைத்துவிட்டு, "அக்கா, இதை இன்றிரவு உங்கள் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். "பிள்ளை சின்ன உடம்புதான், ஆனால் ஒழுங்காக ஏறுகிறாளாம், பன்னிரண்டு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்களாம்" என்று அவர் சொன்னால் தாள் சரி. "பதினைந்துதானாம்" என்று தொடங்கினால், எண்ணைப் பற்றிய பத்தியை மறுபடி எழுதி, அதுவரை பார்த்திராத வேறொரு தாயிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்த வாக்கியம் எந்தத் தாயிடம் தவறியது என்ற குறிப்பைத் தேதியோடு வைத்துக்கொண்டால், சுகாதாரத் துறை அடுத்த முறை மூலத்தைத் திருத்தும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது நமக்கும் நமக்குப் பின் அந்த வேலையை ஏற்பவருக்கும் தெரிந்திருக்கும்.